ஐந்தாவது வாரத்தில் நின்றுபோன எச்பி

ரத்தசோகை என்று வருபவர்களின் ரிப்போர்ட்டில், எச்பி எவ்வளவு என்று பார்த்த கையோடு என் கண் ஆர்.டி.டபிள்யூ என்ற எண்ணுக்குப் போய்விடும். சிவப்பணுக்களின் சராசரி அளவைச் சொல்லும் எம்.சி.வி. பல சமயம் ஏமாற்றும். ஆறடி ஆளையும் நாலடி ஆளையும் பக்கத்தில் நிறுத்தி, சராசரி உயரம் ஐந்தடி, எல்லாம் சரி என்று சொல்வது போன்றது அது. இரும்புச்சத்து குறைந்தால் அணுக்கள் சிறுத்துப்போகும். பி12 அல்லது ஃபோலிக் அமிலம் குறைந்தால் பெருத்துப்போகும். இரண்டு குறையும் ஒரே உடம்பில் இருந்தால் சராசரி நார்மலாகத்தான் வரும். அணுக்கள் அளவில் எவ்வளவு ஏறுக்குமாறாக இருக்கின்றன என்பதைச் சொல்வது ஆர்.டி.டபிள்யூதான்.

நான் வேலை பார்க்கும் தாலுகா மருத்துவமனைக்கு வந்த அந்த அம்மாவுக்கு 46 வயது. எச்பி 5.9, எம்.சி.வி. 87, ஆர்.டி.டபிள்யூ 26. வெள்ளை அணுக்கள் 3,400, தட்டணுக்கள் 98 ஆயிரம். முகம் வெளுத்திருந்தது, கண்ணில் லேசான மஞ்சள், நாக்கு வழவழவென்று சிவந்திருந்தது. கிராம செவிலியர் கொடுத்த சிவப்பு மாத்திரையைச் சில வாரம் சாப்பிட்டிருக்கிறார். எச்பி ஏறவில்லை. வயிற்றைப் புரட்டுகிறது என்று அதையும் நிறுத்திவிட்டார்.

அந்தச் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். பி12 கிடையாது. அதாவது மூன்று குறைகளில் இரண்டுக்குத்தான் அது மருந்து. இதைத் திட்டத்தின் குறை என்று சொல்ல மாட்டேன். நம் ஊர்ப் பெண்களில் பெரும்பாலோருக்கு இரும்புதான் முதல் பிரச்சினை. ஆனால் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ஒருவருக்கு எச்பி ஏறவில்லை என்றால், "சரியா சாப்பிட்டிருக்க மாட்டீங்க" என்று திட்டி அனுப்புவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு.

கேட்டேன். வீட்டில் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. இரண்டு மாடு இருக்கிறது. "பாலெல்லாம் சொசைட்டிக்கு ஊத்திடுவோம் டாக்டரம்மா, டீக்கு மட்டும் கொஞ்சம் எடுத்து வெப்பேன்" என்றார். சைவ உணவில் பி12 கிடைக்கும் முக்கிய வழி பாலும் தயிரும்தான். அதுவும் கேனில் ஏறிப் போய்விடுகிறது. மாதவிலக்கு எட்டு நாள், கட்டி கட்டியாகப் போகிறது. இரும்பு குறைய அது போதும். கடைசியாக, நடக்கும்போது ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டேன். "செருப்பு கழண்டு விழுந்தா தெரிய மாட்டேங்குது. பத்தடி தள்ளிப் போய்த்தான் பாக்குறேன்."

தண்டுவடத்தின் பின்பகுதி நரம்புகள் பாதிக்கப்பட்டிருப்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்வதில்லை. ட்யூனிங் ஃபோர்க்கைத் தட்டிக் கால் கட்டைவிரலில் வைத்தேன். அதிர்வு தெரியவில்லை. கணுக்காலிலும் தெரியவில்லை. முழங்காலில் வைத்ததும் "ஆங், இப்ப தெரியுது" என்றார். கண்ணை மூடி நிற்கச் சொன்னால் தள்ளாடினார்.

ரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் ஸ்மியரைப் பார்க்க நானே லேபுக்குப் போனேன். ஒரே பார்வைப் புலத்தில் நடுவில் வெளிறிய சின்ன அணுக்களும், முட்டை வடிவத்தில் பெரிய அணுக்களும் கலந்து கிடந்தன. ஆறு, ஏழு துண்டுகளாகப் பிரிந்த கருவோடு நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் இருந்தன. ரெட்டிக்குலோசைட், அதாவது எலும்பு மஜ்ஜை புதிதாக வெளியே விடும் இளம் சிவப்பணு, வெறும் 0.8 சதவீதம். இவ்வளவு சோகையில் அது பல மடங்கு ஏறியிருக்க வேண்டும். அணுக்கள் அழியும்போது ரத்தத்தில் ஏறும் எல்.டி.எச். 1,860. மஜ்ஜை அணுக்களை உண்டாக்குகிறது, ஆனால் அவை வெளியே வருமுன் உள்ளேயே அழிகின்றன என்று இதற்குப் பொருள். கண்ணில் இருந்த மஞ்சளும் அதனால்தான். கல்லீரல் கோளாறு அல்ல.

எங்கள் மருந்தகத்தில் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமில மாத்திரை எப்போதும் இருக்கும். பெரிய அணு என்று ரிப்போர்ட் வந்தால் அதை எழுதிக் கொடுப்பதுதான் சுலபம். ஃபோலேட் மட்டும் குறைந்தவர்களுக்கு அது சரியான மருந்தும்கூட. குடிப்பழக்கம் உள்ளவர்கள், ஃபெனிட்டாயின் சாப்பிடும் வலிப்பு நோயாளிகள், கர்ப்பிணிகள் இவர்களிடம் ஃபோலேட் குறை வரும். உடம்பின் ஃபோலேட் இருப்பு நாலைந்து மாதத்துக்குத்தான் தாங்கும், பி12 இருப்போ வருடக்கணக்கில் தாங்கும். தினம் ஒரு 5 மில்லிகிராம் மாத்திரை நாலு மாதம் கொடுத்தால் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும். ஆனால் பி12 குறைந்தவருக்கு ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிக அளவில் கொடுத்தால் ரத்தம் தேறும், நரம்பு கெட்டுக்கொண்டே போகும். 1940களின் நடுவில் ஃபோலிக் அமிலம் புழக்கத்துக்கு வந்த புதிதில், பி12ஐக் குடல் உறிஞ்ச முடியாத பெர்னீஷியஸ் அனீமியா நோயாளிகளுக்கு இப்படித்தான் நடந்தது. 1948இல் பி12 பிரித்தெடுக்கப்பட்ட பிறகு, அதுவரை இருந்த கல்லீரல் சாற்றுக்குப் பதில் அந்தச் சத்தே நேரடியாக மருந்தாகக் கிடைத்தது. அதனால் வரிசை முக்கியம். ரத்தம் எடு, பி12 ஊசியைப் போடு, ஃபோலிக் அமிலம் அதற்குப் பிறகு.

ரத்தம் எடுப்பதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அசதி என்று போனாலே சிவப்பு நிற சத்து ஊசி ஒன்று போட்டு அனுப்பும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதற்குப் பிறகு எடுக்கும் பி12 அளவு நார்மலாகவோ அதற்கு மேலேயோதான் வரும். நல்லவேளை, இந்த அம்மா ஊசி எதுவும் போட்டிருக்கவில்லை. பி12 அளவு 96 வந்தது. உடம்பின் இரும்பு இருப்பைச் சொல்லும் ஃபெரிட்டின் 38.

எச்பி 5.9 என்றதும் ரத்தம் ஏற்றலாமா என்று வார்டில் பேச்சு வந்தது. மூச்சுத்திணறல் இல்லை, நெஞ்சுவலி இல்லை, மாதக்கணக்கில் மெல்லக் குறைந்த ரத்தத்துக்கு உடம்பு பழகியிருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்கு அவசரமாக ஏற்றினால் இதயம் திணறி நுரையீரலில் நீர் கோக்கலாம். ஊசியிலேயே தேறக்கூடியவர் என்பதால் ஏற்றவில்லை.

பி12 1,000 மைக்ரோகிராம், தசையில், முதல் வாரம் தினமும். நரம்பு பாதிப்பு இருந்ததால் அதன் பிறகும் ஒருநாள் விட்டு ஒருநாள் தொடர்ந்தோம். மூன்றாம் நாள் பொட்டாசியம் 4.1இலிருந்து 3.3க்கு இறங்கியிருந்தது. மஜ்ஜை திடீரென்று வேலையைத் தொடங்கும்போது புதிய அணுக்கள் பொட்டாசியத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். சிரப் கொடுத்துச் சரிசெய்தோம். இதய நோயாளியாக இருந்தால் இந்த இறக்கமே ஆபத்தாகலாம். கடுமையான சோகையில் முதல் சில நாள் பொட்டாசியம் பார்ப்பதை நான் விடுவதில்லை.

அந்த அம்மா மூன்றாம் நாளே "பசிக்குது" என்றார். எச்பி அப்போது ஒரு புள்ளிகூட ஏறவில்லை. உடம்பு முந்திக்கொள்ளும், எண் பின்னால் வரும். ஆறாம் நாள் ரெட்டிக்குலோசைட் 14 சதவீதம். மருந்து சரி, நோயறிதல் சரி என்பதற்கு இதுதான் முதல் சாட்சி. இந்த ஏற்றம் மூன்று, நான்கு நாளில் தொடங்கி ஒரு வாரத்தை ஒட்டி உச்சத்துக்கு வரும். எச்பிக்காக இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றாம் வாரம் எச்பி 8.2, தட்டணுக்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டன, எல்.டி.எச். இறங்கிவிட்டது.

ஐந்தாம் வாரம் எச்பி 8.4. வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிராம் ஏற வேண்டியது அப்படியே நின்றுவிட்டது. எம்.சி.வி. 74க்கு இறங்கியிருந்தது. ஃபெரிட்டினைத் திரும்பப் பார்த்தோம், 7.

ஐந்து வாரத்துக்குள் இரும்பு எங்கே போனது? எங்கும் போகவில்லை, முதலிலிருந்தே போதுமான அளவு இல்லை. பி12 இல்லாத மஜ்ஜை இரும்பைச் சரியாகப் பயன்படுத்தாது. அழியும் அணுக்களிலிருந்தும் இரும்பு திரும்பி வந்துகொண்டிருக்கும். அதனால் ஃபெரிட்டின் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். பி12 கிடைத்ததும் மஜ்ஜை இருந்த இரும்பையெல்லாம் புதிய அணுக்களில் போட்டுத் தீர்த்துவிட்டது. மிச்சக் கதையைத்தான் ஃபெரிட்டின் 7 சொன்னது.

"முதல் நாளே இரும்பும் சேர்த்துக் கொடுத்திருக்கலாமே மேடம்?" என்று ஹவுஸ் சர்ஜன் தம்பி கேட்டார். கொடுத்திருக்கலாம், தப்பில்லை. ஸ்மியரில் சின்ன அணுக்களும் தெரிந்தன. ஆனால் நாக்குப் புண்ணோடு எதைச் சாப்பிட்டாலும் குமட்டிய அந்த வாரத்தில் மாத்திரையைத் திணித்திருந்தால் ஊசிக்கும் வராமல் போயிருப்பார் என்பது என் கணிப்பு.

இப்போது வாய்வழி மாத்திரையா, ரத்தக்குழாய்வழி ஊசியா என்று முடிவெடுக்க வேண்டும். சாதாரணமாக நான் தினம் ஒரு மாத்திரைதான், அதுவும் வயிறு தாங்காவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் எழுதுவேன். ஒரு டோஸ் இரும்பு உள்ளே போனதும் கல்லீரலில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, ஏறக்குறைய ஒரு நாளுக்குக் குடலின் கதவைச் சாத்திவிடும். மூன்று வேளை கொடுத்தால் குமட்டல்தான் மூன்று மடங்காகும். டீயோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்பதை மட்டும் மூன்று தடவை சொல்வேன். நான்கு வாரத்தில் எச்பி இரண்டு கிராம் ஏறினால் வழி சரி. ஏறாவிட்டால் சாப்பிடவில்லை, உள்ளே போகவில்லை, ரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது, அல்லது நோயே வேறு என்று அர்த்தம். எச்பி நார்மலான பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் இருப்பு நிரம்பும். பெரும்பாலோர் விட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.

இந்த அம்மாவுக்கு மாத்திரை ஏற்கெனவே ஒத்துக்கொள்ளவில்லை, உதிரப்போக்கும் நிற்கவில்லை. எடை 50 கிலோ. 15க்கும் 8.4க்கும் உள்ள வித்தியாசத்தை எடையாலும் 2.4ஆலும் பெருக்கி, இருப்புக்கென்று 500 சேர்த்தால் 1,292 மில்லிகிராம் வந்தது. அயர்ன் சுக்ரோஸ் 200 மில்லிகிராம், 100 மில்லி சலைனில், ஒருநாள் விட்டு ஒருநாள், ஆறு முறை கொடுத்தோம். மகப்பேறு பிரிவில் ஸ்கேன் பார்த்தார்கள், கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி. உதிரப்போக்கு நாட்களுக்கு டிரானெக்சாமிக் அமிலம் எழுதினார்கள். ஊசி முடிந்த நாலாம் வாரம் எச்பி 11, அடுத்த மாதம் 12.3. ஃபெரிட்டினை அதற்குப் பிறகுதான் பார்த்தோம். ரத்தக்குழாய்வழி இரும்பு கொடுத்த கையோடு பார்த்தால் அது வீணாக உயர்ந்து நிற்கும்.

இதற்கிடையில் மகன் தனியார் லேபில் பி12 பார்த்துவிட்டு வந்தார். 2,000க்கு மேல். "ஓவராயிடுச்சே டாக்டர், ஊசிய நிறுத்திடலாமா?" ஊசி போட்டுக்கொண்டிருப்பவருக்கு அந்த எண் அப்படித்தான் வரும், அதில் பயமும் இல்லை, பயனும் இல்லை, கூடுதலானது சிறுநீரில் போய்விடும் என்று விளக்கினேன். பி12 சிகிச்சையை அளப்பது முதல் வாரத்தில் ரெட்டிக்குலோசைட், அப்புறம் எச்பி, அதற்கும் அப்புறம் கால்.

கால் மெதுவாகத்தான் வரும். முதல் சில வாரம் எரிச்சல் கூடிக்கூடத் தெரியலாம். அதைச் சொல்லி வைக்காவிட்டால் ஊசி ஒத்துக்கொள்ளவில்லை என்று நின்றுவிடுவார்கள். ஆறு மாதம், ஒரு வருடம் வரை தேறுவதைப் பார்க்கலாம், நாள்பட்ட பாதிப்பு முழுதாகத் திரும்பாமலும் போகும். ஆறாம் மாதம் பார்த்தபோது கண்ணை மூடி நின்றார், தள்ளாட்டம் இல்லை. அதிர்வு கணுக்காலில் தெரிந்தது, கட்டைவிரலில் இன்னும் தெரியவில்லை. ஊசியை மாதம் ஒன்றாக்கி, அவர்கள் ஊர் துணை சுகாதார நிலையத்திலேயே போட்டுக்கொள்ள எழுதிக் கொடுத்தேன். தினம் ஒரு டம்ளர் பால் வீட்டுக்கு நிறுத்திக்கொள்ளச் சொன்னதற்கு, லிட்டர் கணக்கு குறைந்தால் மாமியார் கேட்பார் என்றார்.