ஒரே கம்பி, மூன்று விதச் சுமை: திரிபு ஆற்றல் ஒப்பீட்டில் எங்கே சறுக்குகிறது

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் திரிபு ஆற்றல் சூத்திரங்கள் தலைகீழாகத் தெரிந்தவர்கள்கூட ஒப்பீட்டுக் கேள்வியில் மதிப்பெண் இழக்கிறார்கள். "ஒரே கம்பியை அச்சுவழியே இழுத்தால் அதிக ஆற்றல் சேருமா, வளைத்தால் அதிகம் சேருமா?" என்ற கேள்விக்கு நேர் எதிரான இரண்டு பதில்கள் உண்டு, இரண்டுமே சரி. கேள்வி ஒரே விசையைச் சொல்கிறதா, ஒரே உச்சத் தகைவைச் சொல்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் எழுதத் தொடங்கினால் கணக்கு முழுக்கச் சரியாக வந்தாலும் விடை தவறாகிவிடும்.

ஒரு கம்பியை எடுத்துக்கொள்வோம். எஃகு, விட்டம் 20 மிமீ, நீளம் 1000 மிமீ, ஒரு முனை சுவரில் இறுக்கப்பட்டிருக்கிறது. E = 200 GPa, G = 80 GPa. எல்லாவற்றையும் N, mm அலகுக்கு மாற்றிக்கொண்டால் A = 314.16 mm², I = 7854 mm⁴, J = 15708 mm⁴. வட்டக் குறுக்குவெட்டுக்கு J என்பது I-யின் இரு மடங்கு. அவசரத்தில் முறுக்குக் கணக்கில் I-யைப் போட்டுவிடுவது வழக்கமான பிழை. விடை சரியாக இரு மடங்காக வந்து நிற்கும்.

கட்டற்ற முனையில் 100 N. முதலில் அச்சுவழி இழுப்போம், பிறகு அதே 100 N-ஐக் குறுக்காக, கான்டிலீவராகத் தொங்கவிடுவோம்.

```
இழுவை:  U = P²L/(2AE)   = 0.0796 N·mm
வளைவு:  U = P²L³/(6EI)  = 1061 N·mm
```

விகிதம் 13,333. இவ்வளவு பெரிய எண்ணைப் பார்த்ததும் அலகில் தவறு செய்துவிட்டோமோ என்று பயந்து பலர் சரியான விடையை அடித்துவிடுகிறார்கள். பயப்பட வேண்டியதில்லை. இரண்டு சூத்திரங்களையும் வகுத்தால் வட்டக் கம்பிக்கு 16L²/(3d²) கிடைக்கும். L/d = 50 என்று போட்டால் 13,333 தானாக வருகிறது. இழுக்கும்போது முனை நகர்வது 0.0016 மிமீ, வளைக்கும்போது 21.2 மிமீ. ஒரே விசை அதிக தூரம் நகர்ந்தால் அதிக வேலை செய்கிறது, அந்த வேலைதான் கம்பிக்குள் ஆற்றலாகத் தங்குகிறது. ஒல்லியான நீளக் கம்பியில் வளைவுக்கு இவ்வளவு ஆதிக்கம் இருப்பதால்தான் பீம், ஃபிரேம் கணக்குகளில் அச்சுவிசையின் ஆற்றலை விட்டுவிடலாம் என்று புத்தகங்கள் சொல்கின்றன.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெண்டிங் மொமெண்ட் நீளம் முழுக்க ஒன்றல்ல. முனையில் சுழி, சுவரில் PL. உச்ச மொமெண்டை எடுத்து M²L/(2EI) என்று போட்டால் 3183 வரும், அதாவது மூன்று மடங்கு. M = Px என்று எழுதி, வர்க்கப்படுத்தி, 0 முதல் L வரை தொகையிட வேண்டும். விடையைச் சரிபார்க்க ஒரு வரி போதும்: ½Pδ = ½ × 100 × 21.22 = 1061. மெதுவாக ஏற்றிய ஒற்றைச் சுமை என்றால், U எப்போதும் இதனோடு பொருந்த வேண்டும்.

இப்போது கேள்வியைத் திருப்புவோம். மேலே வளைந்த கம்பியில், சுவர் ஓரத்தில் உச்சத் தகைவு 32M/(πd³) = 127.3 MPa. அதே 127.3 MPa வரும்படி கம்பியை இழுக்க 40 kN வேண்டும். அப்போது சேரும் ஆற்றல் 12,732 N·mm. வளைவில் சேர்ந்தது 1061. இழுவைதான் இப்போது 12 மடங்கு அதிகம்.

இந்த 12 எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் அரைப் பக்கச் சூத்திரங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரு கன மிமீ-யில் தங்கும் ஆற்றல் σ²/(2E). இழுவையில் கம்பியின் ஒவ்வொரு துகளும் அதே முழுத் தகைவைத் தாங்குகிறது. வளைவில் அப்படி இல்லை. நீளவாக்கில் பார்த்தால் தகைவு சுவரிலிருந்து முனைக்கு நேர்கோட்டில் சுழியாகிறது; அதன் வர்க்கத்தின் சராசரி 1/3. குறுக்குவாக்கில் மேல் விளிம்பிலிருந்து நியூட்ரல் ஆக்சிஸுக்கு வரும்போதும் சுழியாகிறது. வட்டப் பரப்பில் வர்க்கச் சராசரி 1/4. பெருக்கினால் 1/12. செவ்வகக் குறுக்குவெட்டு என்றால் 1/4-க்குப் பதில் 1/3, ஆகவே கான்டிலீவரில் 1/9. லீஃப் ஸ்பிரிங்கின் அடிப்படை வடிவம் முக்கோணத் தகடாக இருப்பதும் இதனால்தான்: அகலம் முனை நோக்கிக் குறையும்போது நீளவாக்கில் தகைவு குறையாமல் நிற்கிறது, 1/3 ஆகச் சுருங்கும் அந்த இழப்பு இல்லாமல் போகிறது.

முறுக்குக்கும் இதே வழிதான். டார்க் நீளம் முழுக்க ஒன்று என்பதால் நீளவாக்கில் இழப்பில்லை. மையத்திலிருந்து விளிம்புக்கு நறுக்குத் தகைவு நேர்கோட்டில் ஏறுகிறது, வர்க்கச் சராசரி 1/2. எனவே ஒரு கன அளவுக்கு τ²/(4G). நம் கம்பியில் 1,00,000 N·mm டார்க் கொடுத்தால் τ = 63.7 MPa, U = 3979 N·mm.

முறுக்கை இழுவையோடு ஒப்பிடும்போது நிதானம் தேவை. τ-வும் σ-வும் ஒரே எண் என்று கேள்வி சொன்னால், G என்பது E-யில் 2.5-இல் ஒரு பங்கு என்பதால், முறுக்கு ஆற்றல் இழுவையைவிட 1.25 மடங்கு அதிகம். ஆனால் எஃகு நறுக்கில் சீக்கிரம் இளகிவிடும். உச்ச நறுக்குத் தகைவுக் கோட்பாட்டின்படி σ-வின் பாதியைத்தான் τ-வுக்கு அனுமதிக்க வேண்டும். 127.3-இன் பாதி 63.7; 3979-ஐ 12,732-ஆல் வகுத்தால் 31 சதவீதம்தான். கேள்வியில் "சம தகைவு" என்றிருக்கிறதா, "சமமான பாதுகாப்புக் காரணி" என்றிருக்கிறதா என்பதை அடிக்கோடிட்டுவிட்டுத் தொடங்குங்கள். கேட் தேர்வில் எண்ணை நேரடியாகத் தட்டச்சு செய்யும் கேள்விகளில் தெரிவு செய்ய விடைகள் இருக்காது. 1.25-க்கும் 0.31-க்கும் இடையே எது என்று காட்டிக்கொடுக்க அங்கே எதுவும் இல்லை.

மூன்றும் கலந்து வரும் கணக்கில் ஆற்றல்களைக் கூட்டலாமா என்பது அடுத்த சந்தேகம். வெவ்வேறு வகை என்றால் கூட்டலாம்: மையத்தின் வழியே செல்லும் இழுவை, வளைவு, வட்டக் கம்பியின் முறுக்கு ஆகியவை ஒன்றுக்கொன்று வேலை செய்வதில்லை. கம்பியின் ஒரே பகுதியில், ஒரே திசையில் ஒரே வகை இரண்டு முறை வந்தால் கூட்டக்கூடாது. ஒரே இடத்தில் 60 N, 40 N இரண்டையும் தொங்கவிட்டால் 60² + 40² அல்ல, 100² தான்.

நம் கம்பியின் முனையில், அதற்குச் செங்கோணத்தில், கிடைமட்டமாக 200 மிமீ கை ஒன்றை அதே கம்பியால் வளைத்து, கையின் நுனியில் 100 N தொங்கவிடுங்கள். நீளக் கம்பி வளைவதில் 1061, அது முறுக்கப்படுவதில் (T = 20,000 N·mm) 159.2, சிறிய கை வளைவதில் 8.5, மொத்தம் 1228.7 N·mm. நறுக்கு விசையின் ஆற்றலைச் சேர்த்தால் நீளக் கம்பியில் சுமார் 0.2 தான் கூடும், அதை விட்டுவிடலாம். நுனி இறக்கம் 2U/P = 24.57 மிமீ. தனித்தனியே போட்டுப் பாருங்கள்: நீளக் கம்பியின் இறக்கம் 21.22, முறுக்குக் கோணம் 0.0159 ரேடியனை 200-ஆல் பெருக்கினால் 3.18, கையின் சொந்த இறக்கம் 0.17. கூட்டினால் அதே 24.57. கோணத்தை டிகிரிக்கு மாற்றிவிட்டுப் பெருக்கினால் நடு உறுப்பு 182 ஆகிவிடும். ஒரு மீட்டர் கம்பி 20 செமீ இறங்குகிறதா என்று அந்த இடத்திலேயே நிறுத்திப் பார்க்க வேண்டும்.