ஒன்றரை சென்டிமீட்டர்

"உன் ஃபைல்ல தொடலாம் தம்பி, இங்க தொடலையே. ரெண்டுல எது படத்துல வரப்போகுது?"

ரிவ்யூவில் எல்லார் முன்னாலும் எங்கள் ஸ்டுடியோ அனிமேட்டர் தம்பியிடம், லைட்டிங் பார்க்கும் நான் சொன்னது இது. அவர் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை. "சரிண்ணே, திரும்பப் பார்க்குறேன்" என்று எழுந்து போனார். மாதங்கள் ஓடிவிட்டன. அந்த "சரிண்ணே" இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

ஷாட் சின்னதுதான். இரவு. வரப்பின் மேல் ஒரு அரிக்கேன் விளக்கு. பக்கத்தில் குந்தியிருக்கும் பையன் கையை நீட்டித் திரியை ஏற்றும் திருகைத் தொட்டுத் திருப்புகிறான், வெளிச்சம் கொஞ்சம் கூடுகிறது. கேமரா அசையாது. பையன் இடுப்புக்கு மேல்தான் தெரிவான். விளக்கு முழுதாகத் தெரியும். வரப்பைச் செய்தவர் மன்னார்குடிப் பக்கத்துக்காரர். சொந்த வயல் வரப்பைப் படம் எடுத்து வந்து பார்த்துச் செய்தார். மேல்பக்கம் நடந்து நடந்து மழுங்கியிருப்பது, நண்டு வளை, ஓரத்துப் புல் எல்லாம் அப்படியே இருந்தது. அந்த மாடலில் எனக்கு இன்றும் ஒரு குறையும் தெரியவில்லை.

லைட்டிங்கில் முதல் ரெண்டர் வந்தபோது விளக்கின் அடியில் கோடு மாதிரி வெளிச்சம் கசிந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். விளக்கு வரப்பில் உட்காரவில்லை, ஒன்றரை சென்டிமீட்டர் அந்தரத்தில் நின்றது. அன்று சாயங்காலம் ஷாட் போயாக வேண்டும். என் லைட்டிங் லேயரில், அதாவது அனிமேஷன் ஃபைலுக்கு மேல் அடுக்கி வைக்கும் என் ஃபைலில், விளக்கைக் கொஞ்சம் கீழே இறக்கினேன். கசிவு நின்றது, நிழல் ஒட்டிக்கொண்டது. அதோடு அதை மறந்தும் போனேன்.

மூன்று வாரம் கழித்து கரெக்‌ஷன் வந்தது: விரல் திருகைத் தொடவில்லை, மேலே காற்றில் திருகுகிறது.

தம்பி தன் மாயா சீனைத் திறந்து காட்டினார். தொட்டது. திரும்ப பப்ளிஷ் செய்தார். ரெண்டரில் தொடவில்லை. இன்னொரு முறை செய்தார், அதே கதை. மூன்றாவது முறையும் அப்படியே ஆனபோதுதான் நான் மேலே சொன்ன வார்த்தையைச் சொன்னேன். அவர் பழைய கேஷையே, முன்பு பதிவான அசைவையே, திரும்பத் திரும்ப அனுப்புகிறார் என்று உறுதியாக நம்பினேன். அன்று ராத்திரி உட்கார்ந்து, தன் சீனில் சரியாக இருந்த விரலை ஒன்றரை சென்டிமீட்டர் கீழே இறக்கி கீ போட்டு அனுப்பினார். அவர் திரையில் அது தப்பு, விரல் திருகுக்குக் கீழே கம்பிக்குள் போய்விட்டது. என் ரெண்டரில் மட்டும் சரியாக விழுந்தது. ஷாட் ஓகே ஆனது. மூன்று ரீடேக்கும் அனிமேஷன் கணக்கில் ஏறியது.

ஒரு வாரம் போயிருக்கும். எல்லார் ஃபைலையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் யுஎஸ்டி ஃபார்மட்டில்தான் எங்கள் ஷாட்கள் இருக்கின்றன. வேறு ஏதோ வேலைக்காக அந்த ஷாட்டை, யுஎஸ்டியைத் திறந்து பார்க்கும் `usdview`-இல் திறந்து என் லைட்டிங் லேயரை மியூட் செய்தேன். விளக்கு மேலே ஏறியது. விரல் கம்பிக்குள் புகுந்தது. எனக்குச் சட்டென்று வயிறு கலங்கியது. விளக்கைத் தேர்ந்தெடுத்து, அதன் இடத்தைச் சொல்லும் `xformOp:translate` மேல் சொடுக்கி Layer Stack பகுதியைப் பார்த்தேன். ஒரே மதிப்புக்கு இரண்டு ஃபைல்கள் வரிசையாக நின்றன. மேலே நின்றது என்னுடையது.

```
over "set"
{
    over "lantern"
    {
        double3 xformOp:translate = (212.4, 61.5, -38)
    }
}
```

அவர் அனுப்பியதில் நடு எண், அதாவது உயரம், 63. ஷாட்டின் மேல் ஃபைல் எங்கள் எல்லா ஷாட்டுக்கும் இருப்பது போலத்தான்:

```
#usda 1.0
(
    subLayers = [
        @light.usda@,
        @anim.usda@,
        @layout.usda@
    ]
)
```

பட்டியலில் முதலில் இருப்பதுதான் பலமான லேயர். கீழே இருக்கும் ஃபைலில் ஃபிரேமுக்கு ஒன்றாக நூறு மதிப்பு எழுதியிருந்தாலும் சரி, மேலே ஒரே ஒரு எண் இருந்தால் அதுதான் நிற்கும். தம்பி விளக்கை எங்கே நகர்த்தி அனுப்பியிருந்தாலும் என் 61.5 அசைந்திருக்காது. பிழைச்செய்தியும் வராது. யுஎஸ்டி கணக்கில் அது பிழையே இல்லை. லைட்டிங் ஒன்று சொன்னது, அனிமேஷன் ஒன்று சொன்னது, லைட்டிங் சொன்னது எடுபட்டது. அதற்காகத்தானே லேயரே வைத்திருக்கிறோம்.

யுஎஸ்டிக்கு முன்னால் எஃப்பிஎக்ஸ் ஃபார்மட்டில் ஃபைல் கைமாற்றிய காலத்தில் இது நடந்திருக்குமா என்று பல நாள் யோசித்தேன். அப்போது என் மேஜையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும். அனிமேஷனிலிருந்து புது எஃப்பிஎக்ஸ் வந்தால் பழையதைத் தூக்கிவிட்டு அதைத்தான் உள்ளே எடுப்போம். எங்கள் ரெண்டரரின் ஷேடர் நெட்வொர்க் எதுவும் அதில் வராது. ஃபோங், லாம்பர்ட் அளவுக்குச் சுருங்கிய ஒரு மெட்டீரியலும் அதன் பெயரும் வரும். அந்தப் பெயரை வைத்து நாங்கள் திரும்ப ஒட்டுவோம். லைட் லிங்கிங் போய்விடும். நான் நகர்த்திய எதுவும் இருக்காது. அதனால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு பக்கம்: "கண்ணாடிச் சிம்னி, ஷேடர் மாற்று. வேட்டி, ஸ்மூத் போடு. விளக்கு, 1.5 கீழே." புது ஃபைல் வரும்போதெல்லாம் பக்கத்தைத் திறந்து ஒவ்வொன்றாகச் செய்து டிக் அடிப்பேன். ஒரு ஷாட்டுக்கு அரை மணி நேரம் போகும். அலுத்துப்போய்த்தான் யுஎஸ்டிக்கு மாற வேண்டும் என்று முதலில் கேட்டவனே நான்.

ஆனால் அந்த நோட்டு இருந்திருந்தால், தம்பி இரண்டாவது முறை அனுப்பியபோதே "விளக்கு, 1.5 கீழே" என்ற வரி என் கண்ணில் பட்டிருக்கும். கையால் திரும்ப இறக்கியிருப்பேன். இறக்கும்போதே விரல் விலகுவது தெரிந்திருக்கும். எஃப்பிஎக்ஸ் நான் செய்ததைத் தொலைத்துவிடும், தொலைந்ததால் அது ஞாபகத்தில் இருந்தது. யுஎஸ்டி அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டது, நான் மறந்துவிட்டேன்.

இப்படிச் சொல்லிவிட்டு ஃபைல் ஃபார்மட் மேல் பழி போடுகிறேனோ என்றும் தோன்றுகிறது. Layer Stack எப்போதும் அங்கேதான் இருந்தது. பார்க்க அரை நிமிடம் ஆகாது. மூன்று முறை தம்பியைத் திருப்பி அனுப்பிய நான் ஒரு முறைகூட அதைப் பார்க்கவில்லை.

விளக்கு ஏன் அந்தரத்தில் நின்றது என்பதையும் அப்புறம்தான் தேடினேன். யுஎஸ்டியில் ஒரு மெஷ்ஷுக்கு `subdivisionScheme` என்று ஒன்று உண்டு. யாரும் எதுவும் எழுதாவிட்டால் அதை `catmullClark` என்றே எடுத்துக்கொள்ளும். ரெண்டரர் அந்த மெஷ்ஷைப் பிரித்து மழுக்கும். மழுக்கும்போது மேடான இடம் கொஞ்சம் உள்ளே இறங்கும். வரப்பின் மேல்பக்கம் மேடு. தம்பியின் வியூபோர்ட்டில் மழுக்காத மெஷ் தெரிந்தது, அதன் மேல் சரியாக உட்கார வைத்தார். என் ரெண்டரில் வரப்பு இறங்கிவிட்டது. பையனின் கால்களும் மிதந்துகொண்டுதான் இருந்திருக்க வேண்டும், ஃபிரேமுக்குள் வராததால் யாரும் பார்க்கவில்லை. எஃப்பிஎக்ஸில் வரப்பு வெறும் பலகோணங்களாக வரும், ஸ்மூத் போட வேண்டியதற்கு மட்டும் நாங்கள் போடுவோம், வரப்புக்குப் போட்டதே இல்லை. அதில் இந்த இடைவெளியே வந்திருக்காது. சரியான வழி, வரப்பு மாடலில் மழுக்காதபடி `"none"` என்று எழுதுவது, அல்லது அனிமேஷன்காரர்கள் ஸ்மூத் ப்ரிவ்யூவில் வேலை செய்வது. இரண்டில் எதுவும் என் லேயரில் செய்கிற வேலை இல்லை. அன்று சாயங்காலம் மாடலிங்குக்கு ஒரு போன் போட்டிருந்தால் போதும். வரப்பைச் செய்தவர் இரண்டு மேஜை தள்ளித்தான் இருந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தம்பியால் ஏன் இதைக் கண்டுபிடிக்க முடியவில்லை? அவர் பப்ளிஷ் செய்யும்போது ரிக், அதாவது பையனை ஆட்டுவிக்கும் எலும்பும் கன்ட்ரோலும், யுஎஸ்டிக்குள் போவதில்லை. பையனின் உடம்பு ஒவ்வொரு ஃபிரேமுக்கும் புள்ளிகளின் இடமாக எழுதப்படுகிறது, அவ்வளவுதான். விரலுக்குக் கன்ட்ரோலும் இல்லை, கர்வும் இல்லை. எஃப்பிஎக்ஸிலும் ரிக் கன்ட்ரோல் தங்காது. ஆனால் ஃபிரேமுக்கு ஒரு கீயாக பேக் ஆன எலும்பாவது வரும், ஒரு விரலைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கலாம். யுஎஸ்டியிலும் எலும்பும் ஸ்கின்னும் அனுப்ப வழி இருக்கிறது, எங்கள் ஸ்டுடியோவில் கேஷ்தான் வழக்கம். அதனால் என் சீனை அவர் திறந்தாலும் அவர் வேலையில் அவர் கைக்குப் பிடிபட ஒன்றும் இருக்காது. அவர் மாயாவிலேயே இருந்தார், அங்கே என் 61.5 இல்லை. நான் என் ஸ்டேஜிலேயே இருந்தேன், இங்கே அவருடைய விரல் கன்ட்ரோல் இல்லை. இருவருக்கும் நடுவில் இருந்தது என் வார்த்தை மட்டும்தான், அதை அவர் நம்பினார்.

கண்டுபிடித்த அன்று இரண்டு வழி இருந்தது. என் வரியை நீக்கிவிட்டு, அவரிடம் விரலைப் பழையபடி வைக்கச் சொல்லி, வரப்பைச் சரி செய்து திரும்ப ரெண்டர் போடலாம். ஓகே ஆன ஷாட்டைத் திறப்பதற்குக் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அப்படியே விடலாம், இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு படம் சரியாகத்தான் இருந்தது. நான் விட்டுவிட்டேன். அது தொழில்முறையில் நியாயமான முடிவு என்றே இப்போதும் நினைக்கிறேன். ரெண்டர் நேரம், டெலிவரி தேதி எல்லாம் என் பக்கம்தான் பேசும். ஆனால் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது என்பதை நான் எவ்வளவு எடை போட்டேன் என்று என்னால் நேர்மையாகச் சொல்ல முடியவில்லை.

டீக்கடையில் தம்பியிடம் சொன்னேன். "அந்த விளக்கு ஷாட்ல ஒரு லேயர் பிரச்சினை இருந்துச்சு தம்பி. உன் பப்ளிஷ் சரியாத்தான் இருந்திருக்கு."

"அப்படியாண்ணே. நான்தான் கான்ஸ்ட்ரெய்ண்ட்ல ஏதோ விட்டுட்டேன்னு நினைச்சேன். ரெண்டு நாள் அதையேதான் நோண்டிக்கிட்டு இருந்தேன்."

எந்த லேயர் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது லைட்டிங் லேயரில் லைட் அல்லாத எதற்காவது `xformOp` எழுதியிருந்தால் பப்ளிஷ் ஆகாமல் நிறுத்துகிற ஒரு சோதனையை எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு லைட்டர் அதில் மாட்டி, இது எதற்கு என்று கேட்டார். மழுக்கல், லேயர் வரிசை எல்லாம் விளக்கினேன். பக்கத்து மேஜையில் தம்பி ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.