ஆர்.ஓ. மெஷினுக்கு ஏஎம்சி: விலை போட்டதும் விற்றதும்

தென்சென்னைப் புறநகரில் ஆர்.ஓ. வாட்டர் பியூரிஃபையர் சர்வீஸ் பார்க்கிறேன். வேளச்சேரி, மேடவாக்கம், பள்ளிக்கரணை பக்கம்தான் பெரும்பாலான வீடுகள். நானும் இரண்டு டெக்னீஷியன்களும். கூப்பிட்டால் போய் ரிப்பேர் பார்த்துக் காசு வாங்கி வரும் தொழிலாகத்தான் ஆரம்பித்தது. மழைக்காலத்தில் போனே வராது, ஏப்ரலில் எடுத்து மாளாது, பையன்களுக்குச் சம்பளம் மட்டும் எல்லா மாதமும் ஒன்றுதான். அதனால்தான் வருஷத்துக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு மெஷினைப் பராமரிக்கும் ஒப்பந்தமான ஏஎம்சி பக்கம் வந்தேன். இந்தத் தொழிலில் இருக்கும் நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் விலை எப்படிப் போட்டேன், எப்படிப் பேசி விற்றேன் என்பதை எழுதுகிறேன்.

முதல் விஷயம், மெஷினைப் பார்த்து விலை சொல்லக் கூடாது, வீட்டுக்கு வரும் தண்ணீரைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எங்கள் ஏரியாவில் ஒரே தெருவில் ஒரு வீட்டில் மெட்ரோ தண்ணீர் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 300 காட்டும், நாலு வீடு தள்ளி போர் தண்ணீர் 1250 காட்டும். இரண்டு வீட்டிலும் ஒரே மாடல் மெஷின் இருக்கும். ஆனால் போர் தண்ணீர் வீட்டில் உப்பைப் பிரிக்கும் மெம்பிரேன் ஒரு வருஷம் தாண்டுவதே பெரிது, மெட்ரோ வீட்டில் இரண்டு வருஷம் ஓடும். இரண்டுக்கும் ஒரே விலை சொன்னால் மெட்ரோ வீட்டுக்காரர் அதிகம் என்று விட்டுவிடுவார், போர் வீட்டுக்காரர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார். கடைசியில் நஷ்டம் தரும் வீடுகள் மட்டுமே நம்மிடம் சேரும்.

மேடவாக்கத்தில் ஓர் அபார்ட்மென்ட், நாலு பேர் உள்ள குடும்பம், போர் தண்ணீர், டிடிஎஸ் 1250. அந்த வீட்டுக்கு நான் போட்ட கணக்கு இது. வெளியே தொங்கும் பவுலில் போடும், மண்ணைத் தடுக்கும் ஸ்பன் ஃபில்டர் மூன்று மாதத்துக்கு ஒன்று, 70 ரூபாய் வீதம் நாலுக்கு 280. உள்ளே இருக்கும் செடிமென்ட், கார்பன் செட் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, 300 வீதம் 600. மெம்பிரேன் ஒன்று 900, போஸ்ட் கார்பன் 120. பம்ப், அடாப்டர், சோலனாய்டு வால்வு எல்லாம் வருஷா வருஷம் போகாது, ஆனால் மூன்று வருஷத்துக்குள் ஏதாவது ஒன்று போகும். அதற்காக வருஷத்துக்கு 500 ஒதுக்கி வைத்தேன். பொருள் மட்டும் 2400 ஆகிவிட்டது. ஆள் போய் வரும் செலவைத்தான் நிறைய பேர் கணக்கில் எடுப்பதே இல்லை. நாலு ரெகுலர் சர்வீஸ், அதற்கு மேல் 'தண்ணி வரல', 'கீழே ஒழுகுது' என்று இரண்டு கம்ப்ளைன்ட், ஆக ஆறு தடவை. பையனுடைய நேரமும் பெட்ரோலும் சேர்த்து ஒரு தடவைக்கு 150 வைத்தால் 900. மொத்தம் 3300. நான் சொன்ன விலை 4200.

அதே மெஷின் மெட்ரோ தண்ணீர் வீட்டில் இருந்தால் ஸ்பன் மூன்று போதும், செட் ஒன்று, மெம்பிரேனில் பாதி விலை, நாலு தடவை போய் வந்தால் முடிந்தது. 2200க்குள் அடங்கிவிடும், அங்கே 2900 சொல்கிறேன். இவை நான் மொத்தக்கடையில் வாங்கும் லோக்கல் பார்ட்ஸ் விலை. கம்பெனி ஒரிஜினல்தான் வேண்டும் என்பவருக்குக் கணக்கே வேறு. எனக்கு ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும் அளவுக்கு வரவு இல்லை, பதிவு உள்ளவர்கள் மேலே 18% சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிடிஎஸ் 2000க்கு மேல் போனால் எல்லாம் சேர்ந்த ஏஎம்சி கொடுப்பதே இல்லை. அங்கே மெம்பிரேன் எப்போது அடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 1200 ரூபாய்க்கு நாலு சர்வீஸும் ஸ்பன்னும் மட்டும், மற்ற பார்ட்ஸ் தனிக்காசு. தனியாக இருக்கும் வயசானவர்கள், ஊருக்குப் போய்ப் போய் வருபவர்கள் வீட்டுக்கும் இதுதான் சரி. ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் பிடிக்கிற வீட்டில் 4200 வாங்கினால் அடுத்த வருஷம் அவரே கணக்குப் பார்த்துவிடுவார்.

பழைய மெஷினை அப்படியே ஏஎம்சிக்குள் எடுக்கவும் கூடாது. முதலில் ஒரு செக்கப். உள்ளே போகும் தண்ணீரின் டிடிஎஸ், வெளியே வருவதன் டிடிஎஸ், ஒரு லிட்டர் நிரம்ப எவ்வளவு நேரம், பம்ப் சத்தம், இவ்வளவுதான் பார்க்க வேண்டும். போகும் தண்ணீரில் பத்தில் ஒரு பங்குக்குள் வந்தால் மெம்பிரேன் நன்றாக இருக்கிறது. 1250 போய் 80 வந்தால் கவலையே இல்லை, 250 வந்தால் காலம் முடிந்தது. ஆனால் பார்க்கும் முன் டிடிஎஸ் கன்ட்ரோலரை மூட வேண்டும். நிறைய மெஷினில் அது கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைக் கலந்து விடும், அதைத் திறந்து வைத்துக்கொண்டே மீட்டரைக் காட்டி 'மெம்பிரேன் போச்சு' என்று சொல்லிக் காசு பார்ப்பவர்கள் உண்டு. செக்கப்பில் போயிருப்பது எதுவோ அதை மாற்றிய பிறகுதான் ஏஎம்சி கார்டு போடுவேன்.

இனி விற்கும் விஷயம். போன் போட்டு 'ஏஎம்சி வேணுமா சார்' என்று கேட்டு எனக்கு விற்றதாகவே நினைவில்லை. ரிப்பேர் முடித்து பில் எழுதும் அந்தப் பத்து நிமிஷம்தான் விற்கும் நேரம். பழைய ஸ்பன்னைக் கழற்றியதும் குப்பையில் போடாமல் புது ஸ்பன்னுக்குப் பக்கத்தில் ஒரு பேப்பரில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். லாரித் தண்ணீர் வாங்கும் வீடாக இருந்தால் பழையது செம்மண் நிறத்தில் கொழகொழவென்று இருக்கும். நாம் எதுவும் பேச வேண்டாம், வீட்டம்மாவே எட்டிப் பார்த்து 'இதுவா இவ்வளவு நாள் உள்ளே இருந்துச்சு' என்பார்.

ஆனால் எலெக்ட்ராலிசிஸ் கம்பியைத் தண்ணீரில் விட்டுக் காவி நிறமாக்கிப் பயமுறுத்தும் வேலை என் கடையில் கிடையாது. அந்த நிறம் அந்த இரும்புக் கம்பி கரைந்து வருவது. உப்பு இருக்கும் எந்தத் தண்ணீரிலும் வரும், நல்ல மினரல் வாட்டரிலும் வரும். ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, கரண்ட் சரியாகப் பாயாது, அதனால் தெளிவாக நிற்கும், அவ்வளவுதான். யாராவது காலேஜ் பையன் வீட்டில் இருந்து இதைச் சொல்லிவிட்டால் அந்த அபார்ட்மென்ட்டுக்குள் மறுபடி நுழைய முடியாது.

அந்த மேடவாக்கம் வீட்டில் ரிடையர்ட் சார் ஒருவர். மெம்பிரேன், செட், போஸ்ட் கார்பன் எல்லாம் மாற்றி, சர்வீஸ் சார்ஜோடு பில் 2750. இவ்வளவு கொடுக்கப்போகிறவரிடம் மேலே 4200 கேட்டால் விரட்டிவிடுவார். நான் பில்லை நீட்டாமல் கேட்டேன், "சார், போன வருஷம் இதுக்கு எவ்வளவு செலவு பண்ணீங்கன்னு ஞாபகம் இருக்கா?" அவர் உள்ளே போய் ஒரு கவர் எடுத்து வந்தார். அடாப்டருக்கு ஒரு பில், ஃபில்டருக்கு இரண்டு, பம்ப்புக்கு ஒன்று, ஒவ்வொரு தடவையும் விசிட்டிங் சார்ஜ் வேறு. கூட்டிப் பார்த்தால் ஐயாயிரத்தைத் தாண்டியது. "இன்னைக்கு மாத்தினது எல்லாம் சேர்த்தே 4200 சார், இந்த பில் தனியா வேண்டாம். இன்னையிலிருந்து ஒரு வருஷம் என் பொறுப்பு" என்றேன். இன்று போட்ட மெம்பிரேன்தான் அந்த வருஷத்து மெம்பிரேன், கணக்கில் ஏற்கெனவே இருப்பதுதான். எனக்கு இதில் நஷ்டம் எதுவும் இல்லை, அவருக்கோ மேலே 1450 மட்டும் போட்டால் வருஷம் முழுக்க ஓடுகிறது.

அப்படியும் அவர் உடனே சரி சொல்லவில்லை. "தம்பி, முன்னாடி ஒருத்தனும் இப்படித்தான் பேசினான். பணம் வாங்கினதுக்கு அப்புறம் போனே எடுக்கல." இதற்கு எவ்வளவு சமாதானம் சொன்னாலும் எடுபடாது, பணத்தில்தான் பதில் சொல்ல வேண்டும். இன்று 2750, மீதி 1450 இரண்டாவது சர்வீஸ் முடிந்த பிறகு என்றேன். நான் வராவிட்டால் அவருக்கு இழப்பு இல்லை, வந்த வேலைக்கு எனக்கும் காசு வந்துவிட்டது. பிறகுதான் ஜீபே திறந்தார். இரண்டு தவணை என்று வைத்த பிறகு இந்தப் பேச்சில் நிற்பவர்கள் குறைந்துவிட்டார்கள், இரண்டாவது தவணைக்கு இழுத்தடிப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் சொற்பம்.

எது சேராது என்பதைக் கையெழுத்துக்கு முன்னால் வாயால் சொல்லிவிட வேண்டும், கார்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டுவிட்டுப் பிறகு காட்டக் கூடாது. டேங்க், பாடி உடைந்தால் சேராது. எலி டியூபைக் கடித்தால் முதல் தடவை இலவசம், அடுத்தது காசு. வீடு மாறினால் கழற்றி மாட்ட தனி. வருஷத்துக்கு ஒரு மெம்பிரேன்தான், இரண்டாவது வேண்டுமென்றால் நான் வாங்கும் விலைக்கு. சந்தையில் 1500க்குக் கொடுக்கும் ஏஎம்சியில் பெரும்பாலும் இந்த மெம்பிரேன்தான் இருக்காது. அதைக் காட்டிப் பேரம் பேசுபவரிடம் 'அதில் மெம்பிரேனும் பம்ப்பும் சேருமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்' என்று சொல்லி வந்துவிடுவேன். பாதிப் பேர் திரும்பக் கூப்பிடுவார்கள்.

டெக்னீஷியனுக்கு ஒரு கார்டுக்கு 200 ரூபாய் கொடுக்கிறேன், 100 விற்ற அன்று, மீதி 100 மூன்றாவது சர்வீஸ் முடிந்ததும். முழுசையும் அன்றே கொடுத்தால் பையன் 'எல்லாமே ஃப்ரீ மேடம்' என்று சொல்லி விற்றுவிட்டு வருவான், எலி கடித்த டியூபுக்கு நான் போய் நின்று பதில் சொல்ல வேண்டும்.

ரின்யூவல்தான் இதில் சிரமமான இடம். 'இந்த வருஷம் ஒண்ணும் ரிப்பேரே வரலையே, எதுக்கு?' என்பார்கள். அதற்காகத்தான் மெஷின் பக்கத்திலேயே கார்டை ஒட்டி, ஒவ்வொரு தடவையும் தேதி, உள்ளே டிடிஎஸ், வெளியே டிடிஎஸ், மாற்றிய பொருள், அதன் வெளி விலை எல்லாம் எழுத வைக்கிறேன். நாலாவது சர்வீஸுக்குப் போகும்போது பையன் அதைக் கூட்டி அடியில் எழுதிவிடுவான், பேச்சு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். கூட்டிய தொகை 4200ஐ நெருங்காத வீடுகளுக்கு அடுத்த வருஷம் 3600 சொல்கிறேன், மெம்பிரேன் நன்றாகவே இருந்தால் 1200 பிளானுக்கு மாறிக்கொள்ளச் சொல்கிறேன். பையன்களுக்கு அதில் வருத்தம்தான், 1200 பிளானுக்குக் கமிஷன் 50 ரூபாய்தான்.