வைக்கோலுக்கு அடியில் நின்ற டாங்கிகள்

நேற்று கன்னிமாரா நூலகத்தில் இரண்டாம் உலகப் போரில் நடந்த ஸ்டாலின்கிராடு சண்டையின் வரைபடத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நகருக்குள் போரிட்ட ஜெர்மானிய ஆறாம் படையோடு நேரடியாக மோதாமல், அதன் இரு பக்கங்களையும் காத்துநின்ற பலவீனமான ருமேனியப் படைகளை, 1942 நவம்பர் 19 அன்று வடக்கிலும் மறுநாள் தெற்கிலும் சோவியத் படைகள் உடைத்தன. 23ஆம் தேதி கலாச் நகரருகே இரு சோவியத் கரங்களும் சந்தித்தபோது, இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உள்ளே சிக்கியிருந்தனர்.

எதிரி எங்கே உடைப்பான் என்பது உடைத்த பிறகே தெரியும் என்பதால்தான் தளபதிகள் படையின் ஒரு பகுதியைப் பின்னால் நிறுத்திவைக்கிறார்கள். வடக்கில் ஜெர்மானியரிடம் அவ்வாறு இருந்தது ஒரே ஒரு டாங்கிப் படைப்பிரிவுத் தொகுதி. எரிபொருள் பற்றாக்குறையால் அதன் டாங்கிகள் பல, வாரக்கணக்கில் வைக்கோலுக்கு அடியில் நிற்க, எலிகள் மின்கம்பிகளைக் கடித்துவைத்திருந்தன. (நம் ஊரில் மழைக்காலம் முடிந்து காரை எடுப்பவர்களுக்கு இது புரியும்.) அழைப்பு வந்த நாளில் பல டாங்கிகள் கிளம்பவே இல்லை.

சோவியத் தரப்போ வேறொரு தாக்குதலுக்கென்று பின்னால் வைத்திருந்த இரண்டாம் காவல் படையை, டிசம்பரில் சிக்கியவர்களை மீட்க ஜெர்மானியத் தளபதி மான்ஸ்டைன் அனுப்பிய மீட்புப் படை நெருங்கியபோது திருப்பிவிட்டது. மீட்புப் படை மிஷ்கோவா ஆற்றங்கரையில், முற்றுகை வளையத்துக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் நின்றுபோனது.