அடைமொழி மாறும் இடத்தில் ஒரு சாய்சதுரம்: திட்ட மேலாண்மைப் பாடத்தைப் பாய்வுப்படமாக்கிய அனுபவம்

திட்ட மேலாளர்களுக்கான பிஎம்பி சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்கத் தொடங்கிய முதல் வாரத்தில் நான் வரைந்த படத்தில் 5 பெட்டிகள் இருந்தன. தொடங்குதல், திட்டமிடல், செயல்படுத்தல், கண்காணித்தல், முடித்தல் என்று இடமிருந்து வலமாக அம்புக்குறிகள் ஓடின. அதற்கான பாடநூலாக நான் வைத்திருந்த பிஎம்பாக் வழிகாட்டியின் 6ஆம் பதிப்பில் (2017) உள்ள 49 செயல்முறைகளையும் அந்தப் பெட்டிகளுக்குள் சிறிய எழுத்தில் அடைத்து, சுவரில் ஒட்டிவைத்தேன். பயிற்சித் தேர்வில் அந்தப் படம் ஒரு கேள்விக்கும் உதவவில்லை.

அதில் இரண்டு பிழைகள் இருந்தன. அந்த ஐந்தும் செயல்முறைகளின் தொகுப்புகளே தவிர, ஒன்று முடிந்தபின் அடுத்தது தொடங்கும் கட்டங்கள் அல்ல. கண்காணித்தல் தொடக்கம் முதல் முடிவு வரை மற்றவற்றோடு கூடவே நடப்பது. ஒரே திட்டத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து தொகுப்புகளும் திரும்ப வரலாம். அதைவிடப் பெரிய பிழை, பாய்வுப்படத்தில் முடிவெடுக்கும் இடத்தைக் குறிக்கும் சாய்சதுரம் ஒன்றுகூட என் படத்தில் இல்லாதது. முடிவெடுக்கும் இடம் இல்லாத பாய்வுப்படம் வெறும் பொருளடக்கம்தான். தேர்விலோ பெரும்பாலான கேள்விகள் ஒரு சூழலைச் சொல்லிவிட்டு, “திட்ட மேலாளர் அடுத்து என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்கின்றன. நாம் இப்போது எந்த முடிவுப்புள்ளிக்கு முன்னால் அல்லது பின்னால் நிற்கிறோம் என்பதே அந்தக் கேள்வியின் உட்பொருள்.

ஆனால் பாடநூல் முடிவுப்புள்ளிகளை வெளிப்படையாகக் காட்டுவதில்லை. உள்ளீடு, கருவி, வெளியீடு என்ற பட்டியல்களையே தருகிறது. அவற்றை நாலைந்து முறை படித்த பிறகுதான், முடிவுகள் பெயர்களுக்கு முன்னால் வரும் அடைமொழிகளில் ஒளிந்திருப்பது கண்ணில் பட்டது. பணியைச் செயல்படுத்தும்போது ‘டெலிவரபிள்’, அதாவது ஒப்படைக்க வேண்டிய விளைபொருள், வெளியே வருகிறது. தரக் கட்டுப்பாட்டைத் தாண்டியதும் அது ‘சரிபார்க்கப்பட்ட டெலிவரபிள்’ ஆகிறது. ஸ்கோப்பை, அதாவது திட்டத்தின் பணி எல்லையை, உறுதிசெய்யும் செயல்முறையைத் தாண்டியதும் ‘ஏற்கப்பட்ட டெலிவரபிள்’ ஆகிறது. பொருள் ஒன்றுதான், அடைமொழி மட்டும் மாறுகிறது. அது மாறிய இடத்தில் யாரோ ஒருவர் ஆம் அல்லது இல்லை என்று சொல்லியிருக்கிறார். முதல் இடத்தில் “தரத் தேவைகளின்படி சரியாக இருக்கிறதா?” என்று திட்டக் குழு கேட்கிறது, இரண்டாவது இடத்தில் “நான் கேட்டது இதுதானா, ஏற்கிறேனா?” என்று வாடிக்கையாளரோ ஸ்பான்சரோ கேட்டுக்கொள்கிறார். இந்த இரண்டு செயல்முறைகளையும் மாதக்கணக்கில் குழப்பிக்கொண்டிருந்த எனக்கு, இரண்டு சாய்சதுரங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து, பக்கத்தில் யாருடைய முடிவு என்று எழுதியதும் குழப்பம் நீங்கியது.

‘இல்லை’ என்ற அம்பு எங்கே போகிறது என்று தேடுவது அடுத்த வேலை. இரண்டு சாய்சதுரங்களிலிருந்தும் அது மாற்றக் கோரிக்கைக்கே போகிறது, பெரும்பாலும் குறைகளைச் சரிசெய்யக் கோருவதாக. அந்தக் கோரிக்கையும் பிறகு ‘அங்கீகரிக்கப்பட்ட மாற்றக் கோரிக்கை’ என்று அடைமொழி பெற்று, செயல்படுத்தலுக்கும் தரக் கட்டுப்பாட்டுக்கும் உள்ளீடாகத் திரும்புகிறது. தரக் கட்டுப்பாட்டுக்கு ஏன் போக வேண்டும் என்று முதலில் விளங்கவில்லை. அங்கீகரித்த மாற்றம் உண்மையிலேயே செய்யப்பட்டதா என்று பார்க்கும் இடம் அதுதான்.

மாற்றக் கட்டுப்பாட்டை மட்டும் தனியாக ஓர் ஏ3 தாளில் வரைந்தேன். இதை நானே அமைத்துக்கொண்ட ஒரு கணக்கின் வழியாகச் சொல்கிறேன். ஒரு நூலகத்துக்கு மென்பொருள் செய்யும் திட்டம். 24 வாரம், 18 லட்சம் ரூபாய். 14ஆம் வாரத்தில் நூலகர் தொலைபேசியில் அழைத்து, தாமதக் கட்டணத்தைக் கைபேசி வழியாகச் செலுத்தும் வசதி வேண்டும் என்கிறார். நிரல் எழுதுபவர், “இரண்டு நாள் வேலைதான், முடித்துவிடுகிறேன்” என்கிறார்.

வாய்மொழியாக வந்த கோரிக்கையை எழுத்தில் வாங்கி மாற்றப் பதிவேட்டில் குறிப்பது முதல் செவ்வகம். அடுத்தது சாய்சதுரம்: ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான அடிப்படைத் திட்டமான பேஸ்லைன் அங்கீகரிக்கப்பட்டுவிட்டதா? இல்லையென்றால் முறையான மாற்றக் கட்டுப்பாடு தேவையில்லை, திட்ட ஆவணத்தைத் திருத்தினால் போதும். இங்கே 4ஆம் வாரத்திலேயே அங்கீகரித்தாயிற்று. எனவே விளைவை மதிப்பிட வேண்டும். பணம் செலுத்தும் இணைப்பு, பாதுகாப்புச் சோதனை, ஊழியர் பயிற்சி எல்லாம் சேர்த்துப் பார்த்தால், இரண்டு நாள் என்று சொன்ன வேலை மூன்று வாரமும் 1.4 லட்சமும் ஆகிறது. இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளிவைப்பது போன்ற மாற்று வழிகளையும் இந்த இடத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு இன்னொரு சாய்சதுரம்: இது திட்ட மேலாளரின் அதிகாரத்துக்குள் அடங்குமா? அவருக்கு 50,000 ரூபாய் வரை, முடிவுத் தேதி மாறாமல் இருந்தால் மட்டுமே அதிகாரம் என்று திட்டத்தில் எழுதியிருப்பதாகக் கொண்டால், கோரிக்கை மாற்றக் கட்டுப்பாட்டுக் குழுவுக்குப் போகிறது. குழு மறுத்தால் பதிவேட்டில் எழுதி, கேட்டவருக்குத் தெரிவிப்பதோடு அந்தக் கிளை முடிகிறது. ஒப்புக்கொண்டால் பதிவேட்டைப் புதுப்பித்து, பேஸ்லைனை 27 வாரம், 19.4 லட்சம் என்று திருத்தி, தொடர்புடையவர்களுக்குத் தெரிவித்த பிறகே வேலை தொடங்குகிறது.

என் முதல் வரைவில் கோரிக்கையிலிருந்து நேராகக் குழுவுக்கு அம்பு போயிருந்தது. ‘ஆம்’ அம்பு நேராகச் செயல்படுத்தலில் விழுந்தது. பயிற்சித் தேர்வில் நான் தவறவிட்ட மாற்றக் கேள்விகளை அடுக்கிப் பார்த்தபோது, பெரும்பாலானவை இந்த இரண்டு இடைவெளிகளிலேயே விழுந்திருந்தன. “குழு அங்கீகரித்துவிட்டது, அடுத்து என்ன?” என்ற கேள்விக்கு, “மாற்றத்தைச் செயல்படுத்துதல்” என்ற விடை கவர்ச்சியாகத் தெரியும், ஆனால் அதற்கு முன்னால் திருத்துவதும் தெரிவிப்பதும் என்று இரண்டு செவ்வகங்கள் நிற்கின்றன.

வரைந்து முடித்த படத்தைச் சோதிக்க ஒரு புளியங்கொட்டையை எடுத்துக்கொண்டேன். தாயக்கட்டத்தில் காய் நகர்த்துவதுபோல், ஒவ்வொரு கேள்வியிலும் சூழல் எங்கே தொடங்குகிறதோ அங்கே கொட்டையை வைத்து, அம்பின் வழியே நகர்த்த வேண்டும். கொட்டை நகர முடியாமல் நின்றால், ஏதோ ஒரு ‘இல்லை’ அம்பை வரையாமல் விட்டிருக்கிறோம். சாய்சதுரத்துக்கு விடை சொல்லத் தேவையான தகவல் கையில் இல்லாமல் அங்கே போய்ச் சேர்ந்தால், அதற்கு முன்னால் ஒரு செவ்வகம் குறைகிறது. விளைவு மதிப்பீடு விடுபட்டதை இப்படித்தான் பிடித்தேன். மாற்றத்தை யாரிடமும் சொல்லாமல் நிரலாளர் செய்தே முடித்துவிட்டார் என்றும் கேள்வி வரும். கொட்டை படத்துக்கு வெளியிலிருந்து உள்ளே விழுகிறது. அதையும் கோரிக்கையைப் பதிவுசெய்யும் செவ்வகத்தில் வைத்து, விளைவு மதிப்பீட்டிலிருந்து நடத்திச் செல்ல வேண்டும்.

எல்லாப் பாடத்தையும் இப்படி மாற்ற முயன்று இரண்டு வாரம் வீணாக்கினேன். தகவல்தொடர்பும் பங்குதாரர் ஈடுபாடும் அடைமொழி மாறாமல் ஓடிக்கொண்டே இருப்பவை. அவற்றைச் சாய்சதுரத்துக்குள் திணித்தால் படம்தான் பொய்யாகும். அவற்றைத் தாளின் ஓரத்தில் மேலிருந்து கீழாக நீண்ட பட்டையாக விட்டுவிட்டேன். கேள்வியில், சிறு சுற்றுகளாக வேலை செய்யும் அஜைல் முறையின் ‘ஸ்பிரின்ட்’ என்ற சொல் வந்தாலும் இந்தத் தாளை மடித்துவைத்துவிட வேண்டும். அந்த முறையில் புதிய கோரிக்கை, செய்ய வேண்டியவற்றைக் குறிக்கும் பேக்லாக் பட்டியலில் சேர்கிறது. எதை முதலில் செய்வது என்பதைத் தயாரிப்பு உரிமையாளரே வரிசைப்படுத்துகிறார். ஆகவே அஜைலுக்கென்று வேறொரு தாளில் சிறிய வட்டமாக ஒரு படத்தைத் தனியே வரைந்துகொண்டேன்.