புள்ளி ஆரூடத்தில் ஒரு காதல் கேள்வி: மூன்று உருவங்களை வாசித்த அனுபவம்

எண்ணாமல் புள்ளி வைத்து, அந்தப் புள்ளிகளை ஒற்றை இரட்டையாகப் பிரித்து, அதில் கிடைக்கும் உருவத்தைக் கொண்டு கேள்விக்கு விடை காணும் முறை அரபு நாடுகளில் மணலின் மேல் தொடங்கியது. வடஇந்தியாவில் அதை ரமல் சாஸ்திரம் என்பார்கள். 12ஆம் நூற்றாண்டில் அது லத்தீன் மொழிக்குப் போனபோது பதினாறு உருவங்களுக்கும் லத்தீன் பெயர்கள் அமைந்தன. நான் பழகி வருவது அந்த வழி. முழுச் சக்கரம் போட்டால் பதினைந்து இடங்களில் உருவங்கள் வரும். காதல் சார்ந்த ஒற்றைக் கேள்விக்கு நான் அவ்வளவு தூரம் போவதில்லை. கேட்பவருக்கு ஓர் உருவம், அவர் மனத்தில் உள்ளவருக்கு ஓர் உருவம், இரண்டையும் கூட்டி வரும் மூன்றாவது உருவம் விடை என்று வைத்துக்கொள்கிறேன். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் இப்படிப்பட்ட கேள்விக்குக் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். அதில் ஆகும் அல்லது ஆகாது என்ற ஒரே விடைதான் வரும். புள்ளி உருவத்தில் எனக்குப் பிடித்தது, காரியம் எந்த விதமாக நடக்கும் என்று அது சொல்ல முயல்வதுதான்.

எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண், பாளையங்கோட்டையில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறவள், சென்ற வாரம் மாலையில் வந்து கேட்டாள். தென்காசிக்காரர் ஒருவரோடு அவளுக்கு மனம் ஒத்துப்போயிருக்கிறது. “அவருக்கு என் மேல ஆசை இருக்கா, கல்யாணம் நடக்குமா, எப்ப நடக்கும்?” என்று மூன்றையும் ஒன்றாகக் கேட்டாள். ஓர் உருவத்தால் மூன்று கேள்விக்கு விடை சொல்ல முடியாது. இன்னொருவருடைய மனத்துக்குள் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு விடை சரியா தவறா என்று பிறகு பார்க்கவும் வழியில்லை. ஆகவே கண்ணால் காணக்கூடிய ஒரு செயலைக் கேள்வியாக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்து, “தை மாதம் முடிவதற்குள் அவர் தம் வீட்டில் எங்களைப் பற்றிப் பேசுவாரா?” என்று காகிதத்தின் தலைப்பில் தானே எழுதினாள். பேசுவது என்றால் தகப்பனாரிடமோ தாயாரிடமோ நேரில் சொல்வது, அண்ணனிடம் சாடையாகச் சொல்வது கணக்கில் வராது என்பதையும் காகிதத்தின் பின்பக்கம் எழுதி வைத்தோம். இதை முன்கூட்டி எழுதாவிட்டால், பிறகு எது நடந்தாலும் பலித்துவிட்டது என்று சொல்லத் தோன்றும்.

புள்ளி வைப்பது எளிதான வேலையாகத் தெரிந்தாலும் சக்கரம் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான். வலமிருந்து இடமாக ஒரு வரிசை, அதற்குக் கீழே இன்னொன்று என்று நான்கு வரிசைகள் வைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் புள்ளி இருப்பது நல்லது. எத்தனை வைக்கிறோம் என்று மனம் எண்ணவே கூடாது. அவளோ நாள்தோறும் வாசலில் புள்ளிக்கோலம் போடுகிறவள். அந்தக் கை தன்னையறியாமல் எண்ணிவிடும். முதலில் வெற்றுத்தாளில் கை பழக வைத்துப் பார்த்தபோது நான்கு வரிசையும் ஏறக்குறைய ஒரே நீளத்தில், சம இடைவெளியில், எல்லாமே இரட்டையாக வந்து நின்றன. கை எண்ணுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். கேள்வியை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வைக்கச் சொன்ன பிறகு வரிசைகள் நீளமும் குட்டையுமாக, கோணலாக வரத் தொடங்கின. எனக்கு வேண்டியது அந்தக் கோணல்தான். இந்தத் தொல்லை பழைய காலத்தவருக்கும் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். முகம்மது இப்னு குத்லுக் அல்மவ்சிலி என்பவர் 1241-42இல் செய்த பித்தளைக் கருவி ஒன்று லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் வட்டங்களைத் திருப்பினாலே புள்ளிகள் தென்படும், கையால் வைக்க வேண்டியதில்லை.

அவளுக்காக வைத்த நான்கு வரிசைகளில் மேலிருந்து கீழாக 15, 18, 13, 16 புள்ளிகள் இருந்தன. இரண்டிரண்டாக வளைவு போட்டு இணைத்துக்கொண்டே போனால் கடைசியில் ஒன்றோ இரண்டோ நிற்கும். ஒன்று நின்றால் ஒரு புள்ளி, இரண்டு நின்றால் இரு புள்ளி. மொத்தத்தை எண்ணிக் கண்டுபிடிப்பதைவிட வளைவு போடுவது நம்பகமானது, ஏனென்றால் தவறினால் கண்ணுக்கே தெரிந்துவிடும். அவருக்காக வைத்ததில் 17, 14, 12, 19 வந்தன. பிறகு இரண்டு உருவங்களையும் பக்கம் பக்கமாக எழுதி, ஒவ்வொரு வரிசையிலும் உள்ள புள்ளிகளைக் கூட்டி, அதிலும் ஒற்றைக்கு ஒன்று, இரட்டைக்கு இரண்டு என்று வைத்தேன்.

அவளுக்கு:
●
● ●
●
● ●

அவருக்கு:
●
● ●
● ●
●

கூட்டி வந்தது:
● ●
● ●
●
●

இந்த இடத்தில் எதிர்பாராத ஒன்று நடந்தது. அவள் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள், பதினாறு உருவங்களும் பெயரோடு உள்ள என் அட்டை அவள் கையில் இருந்தது. முதல் உருவத்தை நான் ‘இழப்பு’ என்று வாசிக்க வாயெடுப்பதற்குள் அவள், “அக்கா, இது வரவுல்லா!” என்று மகிழ்ந்துவிட்டாள். அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வரவுதான். இழப்பைத் தலைகீழாக்கினால் அச்சு அசலாக வரவு வரும். ‘பெண்’ என்ற உருவத்தைத் திருப்பினால் ‘பையன்’ வரும். மூன்றாவதாக வந்த ‘பெரும்பேறு’ திருப்பினால் ‘சிறுபேறு’ ஆகிவிடும். சிறை, சேர்க்கை, வழி, கூட்டம் என்ற நான்கும் மட்டுமே எப்படிப் பார்த்தாலும் மாறாதவை. முதலில் வைத்த வரிசைதான் தலை. அதன் கீழே கழுத்து, உடல், கால் என்று போகும். காகிதத்தின் மேல் ஓரத்தில் ‘தலை’ என்று எழுதி, கேட்பவரை எதிரில் உட்கார்த்தாமல் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்பதை இப்போது நடைமுறையாகவே வைத்துக்கொண்டேன்.

இழப்பு என்றதும் அவள் முகம் வாடியது. ஆனால் காதல் கேள்வியில் அந்த உருவத்துக்குத் தனி மரியாதை உண்டு. லத்தீன் வழியில் அமிசியோ எனப்படும் இது சுக்கிரனுக்கு உரியது. கொடுத்த கடன் திரும்புமா, காணாமல் போன நகை கிடைக்குமா என்ற கேள்விகளுக்கு இது கெட்ட விடை. அன்பு பற்றிய கேள்விக்கு நல்ல உருவமாகவே பழைய நூல்கள் இதை எடுத்துக்கொள்கின்றன, ஏனென்றால் மனத்தைப் பறிகொடுப்பதும் ஓர் இழப்புத்தானே. இது நின்ற இடத்தையும் பார்க்க வேண்டும். விடையின் இடத்தில் நின்றிருந்தால், அவள் கேட்டது ஒரு காரியம் கைகூடுமா என்பதாகையால், கை நழுவும் என்றுதான் வாசித்திருப்பேன். கேட்பவளின் இடத்தில் நின்றதால் அவளுடைய நிலையையே சொல்கிறது என்று கொண்டேன்: அவள் தன்னிடம் எதையும் மிச்சம் வைத்துக்கொள்ளாமல் கொடுத்துவிட்டாள்.

அவருடைய உருவம் கார்செர், அதாவது சிறை, சனிக்கு உரியது. தலையிலும் காலிலும் ஒவ்வொன்று, நடுவில் இரட்டை இரட்டையாக, வெளியே வழியில்லாமல் சூழ்ந்து நிற்கும் உருவம். பலர் இதைக் கண்டதும் அவருக்கு விருப்பமில்லை என்று சொல்லிவிடுவார்கள். நான் அப்படி வாசிக்கவில்லை. சிறை என்பது விருப்பத்தைப் பற்றிப் பேசும் உருவமல்ல, அசைய முடியாமையைப் பற்றிப் பேசும் உருவம். அவரை எது கட்டிப்போட்டிருக்கிறது என்று இந்த உருவத்திலிருந்து சொல்ல முடியாது; அவளிடமே கேட்டேன். அவருடைய தங்கைக்கு இன்னும் வரன் அமையவில்லை என்றாள். அதை நான் உருவத்தின் பலனாக எடுத்துக்கொள்ளாமல் அவள் சொன்ன செய்தியாகவே குறித்தேன். இரண்டையும் கலந்துவிட்டால் ஆரூடம் எதைச் சொன்னது, ஆள் எதைச் சொன்னார் என்று பிறகு பிரிக்கவே முடியாது.

விடையாக வந்தது போர்த்துனா மேஜர், பெரும்பேறு; சூரியனுக்கு உரியது. தொடக்கத்தில் கடினமாகவும் மெதுவாகவும் இருந்து, பிறர் தயவால் அல்லாமல் உள்ளிருக்கும் வலிமையால் கைகூடி, நெடுநாள் நிலைப்பதை இது குறிக்கும். இதன் தலைகீழான சிறுபேறு வந்திருந்தால் விரைவில் நடக்கும், நிலைப்பது ஐயம் என்று சொல்லியிருப்பேன். கேள்வியில் தை மாதம் என்று கெடு இருந்ததால் இந்த மெதுவான தன்மைதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. “தை முடியறதுக்குள்ள அவர் பேசமாட்டார்னுதான் இது காட்டுது. ஆனா உறவு முறியும்னு எங்கயும் காட்டல” என்றேன். “பொறுத்திருக்கலாம்லாக்கா?” என்றாள். பொறுப்பதும் பொறுக்காததும் அவளுடைய முடிவு, அதைப் புள்ளியிடம் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மூன்று உருவச் சுருக்க முறைக்கு ஒரு குறை உண்டு. முழுச் சக்கரத்தில் முதல் நான்கு உருவங்களின் புள்ளிகளையே குறுக்கு வரிசையில் எடுத்து அடுத்த நான்கை அமைக்கிறோம். அதே புள்ளிகள் இருமுறை கூட்டில் சேர்வதால், கடைசியில் வரும் நீதிபதி உருவத்தின் மொத்தப் புள்ளி எப்போதும் இரட்டைப்படையாகவே இருக்கும். பதினாறில் எட்டு உருவங்களே அங்கு வர முடியும். ஒற்றைப்படை வந்தால் எங்கோ கூட்டல் பிசகியிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும். சுருக்க முறையில் இந்தக் காவல் இல்லை, பதினாறும் வரலாம், ஆகையால் கூட்டலை இரண்டு முறை சரிபார்த்தே ஆக வேண்டும். கை எண்ணாமல் வைத்திருந்தால் எந்த உருவமும் பதினாறில் ஒரு பங்கு வாய்ப்போடு தற்செயலாகவே வருகிறது என்பதையும் அவளிடம் மறைக்கவில்லை. காதல் கேள்விக்கு நல்லதாக வாசிக்கக்கூடிய உருவங்கள் பலவாக இருப்பதால், நல்ல விடை வந்ததை மட்டும் வைத்து அதற்கு மிகுந்த எடை கொடுக்கக் கூடாது.

மறுநாள் அவள் இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டு வந்தாள். நிலைமை மாறாமல் அதே கேள்வியைத் திரும்பப் போடக் கூடாது என்பது இந்தக் கலையின் பழைய விதி. எனக்கும் அதில் உறுதியான நம்பிக்கை உண்டு, ஏனென்றால் இரண்டாவது உருவம் முதலாவதோடு முரண்பட்டால் மனம் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும். அவருடைய தங்கைக்கு வரன் அமைந்தால் அது புதிய நிலைமை, அப்போது புதிய கேள்வியாக எழுதலாம் என்றேன். காகிதத்தில் தேதியும், தைக்குள் இல்லை என்ற என் வாசிப்பும் பதிவாகியிருக்கின்றன. மாசி முதல் தேதியில் பின்பக்கம் எழுதியதோடு ஒப்பிட்டு, அடுத்த பதிவில் இரண்டையும் அப்படியே தருகிறேன். அடுத்த கேள்விக்கு முழுச் சக்கரமும் போட்டு, ஏழாம் வீட்டில் எந்த உருவம் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க எண்ணியிருக்கிறேன்.