மெல்லிசாக வருமா என்று கேட்டார்

"இதே மாதிரி மெல்லிசா வருமா தம்பி?" என்று, எங்களிடம் வீடு கட்டக் கொடுத்திருந்த கீழக்கரை பாய் படத்தில் ஜன்னல் மேலிருந்த சன்ஷேடைக் காட்டிக் கேட்டார். "வரும் பாய்" என்றேன். நடந்தது அவ்வளவுதான். நாலு மாதமாகிறது, இன்னும் அந்த ஒரு வார்த்தையையே சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

அவர் கையில் இருந்தது, எங்கள் அலுவலகம் கட்டிய பழைய வீடுகளின் போட்டோக்களை வைத்து நான் பழக்கிய ஏஐ மாடல் வரைந்த படம். முழு மாடலையும் நாம் பழக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே படம் வரையத் தெரிந்த SDXL போன்ற ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு, லோரா என்கிற சின்னச் சேர்க்கையை மட்டும் அதன் மேல் பழக்கினால் போதும். 34 போட்டோ, 12 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, ஒரு ராத்திரி. எனக்குத்தான் ஒவ்வொரு போட்டோவுக்கும் குறிப்பு எழுதுவதில் ஒரு வாரம் போனது.

```
rmdhouse, two-storey house, white plaster, evening light, red plastic chair
```

குறிப்பில் எழுதியதை மாடல் தனிப் பொருளாக எடுத்துக்கொள்ளும், பிறகு வேண்டாமென்றால் பெரும்பாலும் விலக்கிவிடலாம். எழுதாமல் விட்டது பல போட்டோக்களில் திரும்பத் திரும்ப வந்தால், rmdhouse என்று நான் வைத்த அடையாளச் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை நாற்காலியை எழுத விட்டுவிட்டேன். ஒன்பது போட்டோவில் திண்ணையோரம் கிடந்த அந்தச் சிவப்பு நாற்காலி மாடல் வரைந்த வீட்டிலெல்லாம் வந்து உட்கார்ந்தது, ஒரு தடவை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் மேலேயே. அதையும் சாயங்கால வெயிலையும் குறிப்பில் சேர்த்த பிறகு சரியானது.

சன்ஷேடை மட்டும் எழுதவில்லை. ஜன்னலுக்கு மேலே கோடு இழுத்தது மாதிரி இரண்டரை அங்குல ஓரம். எங்கள் வீடு என்றால் அதுதான் அடையாளம் என்று நினைத்தேன், மாடலும் அதைத்தான் முதலில் கற்றுக்கொண்டது.

பாயைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது காரில் அண்ணன் கேட்டார்: "அந்த சன்ஷேடை நாம விட்டு ஆறு வருஷம் ஆச்சு, தெரியும்ல?"

தெரியும். மண்டபம் ஊரில் கட்டிய வீட்டில் அது வெடித்தபோது பார்க்கப் போனவனே நான்தான். கையால் தட்டினால் பொத்தென்று சத்தம், அடியில் பழுப்பாக ஒரு நீளக் கோடு, விரலால் நெம்பினால் கான்கிரீட் தகடாகப் பெயர்ந்து வந்தது. உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதியிருந்தது. இரண்டரை அங்குலத்தில் கம்பியை மூடுகிற கான்கிரீட், அதாவது கவர், 15 மில்லிமீட்டர்தான் கிடைத்திருந்தது, உப்புக்காற்றுக்கு அது எந்த மூலைக்கு? கடல் சாரல் படுகிற இடத்துக்கு கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை IS 456 கேட்பது 50. மேலே 50, கீழே 50, நடுவில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு 8 மில்லி கம்பி, ஆக 116. அதனால் இப்போது ஐந்து அங்குலம் போடுகிறோம்.

இது எதுவும் அந்த 34 போட்டோவில் கிடையாது. எல்லாமே வீட்டை ஒப்படைக்கிற வாரத்தில் போட்டோகிராபரை வரவழைத்து எடுத்தவை, சுண்ணாம்பு வாசம் போகாத வீடுகள். வெடித்த சன்ஷேடை யார் ஆல்பத்துக்காக எடுப்பார்கள்? எங்கள் வெள்ளைச் சுவரையும் திண்ணையையும் வெயில் விழுகிற விதத்தையும் மாடல் பிடித்துவிட்டது, எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் நாங்கள் எதற்காக வருத்தப்பட்டு எதை மாற்றினோம் என்பதற்கு அதனிடம் வழியே இல்லை. அதன் கண்ணுக்கு எங்கள் தப்புதான் எங்கள் பாணி.

மாடலை மட்டும் சொல்லி என்ன? ஐந்து அங்குல ஓரத்தோடு முடித்த கடைசி இரண்டு வீடுகளுக்கு சைட் சூப்பர்வைசர் போனில் எடுத்த ஏழு படம் இருந்தது. மங்கல், முன்னால் சிமென்ட் மூட்டை. நான்தான் ஒதுக்கினேன். இத்தனை குறைவான படங்களில் மங்கலைச் சேர்த்தால் மங்கலையும் கற்றுக்கொள்ளும், ஒதுக்கியது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்த ஏழு படத்தை ஒதுக்கிவிட்டால் மிச்சமிருப்பது முழுக்க நாங்கள் கைவிட்ட வேலை என்பது அப்போது ஏன் உறைக்கவில்லை? உறைத்திருந்தால், அழகான படத்தை விட்டுக்கொடுத்திருப்பேனா?

அப்புறம் அந்த ஏழு படத்தையும் சேர்த்து, எல்லாக் குறிப்பிலும் thin sunshade, thick sunshade என்று பிரித்து எழுதி மறுபடி பழக்கினேன். தடியாகக் கேட்டால் முன்பக்கத்தில் தடியாகத் தருகிறது. பக்கவாட்டில் பார்க்கிற படங்களில் பாதிக்கு மேல் பழைய கோடுதான் வருகிறது.

பாயிடம் ஐந்து அங்குல வரைபடத்தைக் கொடுத்துக் காரணத்தைச் சொன்னோம், சரி என்றார். அன்றைக்கு "வரும்" என்று நான் சொன்னது தப்பு என்பதை மட்டும் நான் சொல்லவில்லை. போன வாரம் சென்ட்ரிங் அடித்தபோது போனில் அந்தப் பழைய படத்தை வைத்துக்கொண்டு ஓரப் பலகையின் உயரத்தை விரலால் அளந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான், கவர் குறையாமல் கம்பிக்கு அடியில் வைக்கிற கவர் பிளாக்கை எண்ணப் போய்விட்டேன்.